நான்முகி அணைவில் தாழ் சுழற்சி: ஓர் ஐயம்

வேதியியல் நண்பர்களுக்கு வணக்கம். நான்முகி அணைவுகளின் தாழ் சுழற்சி நிலை பற்றிய என் ஐயத்தைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

எண்முகி அணைவுகளில் எனக்குச் சிக்கல் இல்லை. Co³⁺ அயனியின் இணையாக்கல் ஆற்றலை ஏறத்தாழ 21,000 cm⁻¹ எனக் கொண்டால், [CoF₆]³⁻ அணைவில் Δₒ சுமார் 13,000 மட்டுமே என்பதால் ஆறு d எலக்ட்ரான்களில் நான்கு தனித்து நிற்கின்றன. [Co(NH₃)₆]³⁺ அணைவிலோ அது 23,000-ஐ நெருங்குவதால் ஆறும் t₂g மட்டத்தில் இணைந்து, அணைவு டயா காந்தத்தன்மை பெறுகிறது.

நான்முகியில் ஈனிகள் நான்கே. அவற்றுள் எதுவும் எந்த d ஆர்பிட்டாலையும் நேருக்கு நேர் நோக்குவதில்லை. ஆகவே அதே ஈனிக்கு Δₜ என்பது Δₒ-இல் 4/9 பங்குதான், அதாவது அம்மோனியாவுக்குக்கூட 10,000 அளவில்தான் வரும். இதனால்தான் நான்முகி அணைவுகள் அனைத்தும் உயர் சுழற்சி கொண்டவை என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் நான்கு 1-நார்போர்னைல் தொகுதிகள் கொண்ட கோபால்ட்(IV) சேர்மம், d⁵ நான்முகியாக இருந்தும், ஒரேயொரு தனித்த எலக்ட்ரானையே கொண்டுள்ளது. +4 ஆக்சிஜனேற்ற நிலையும் கார்பன் ஈனியின் வலிமையான சிக்மா வழங்கலும் Δₜ-ஐ உயர்த்துகின்றன என்பது விளங்குகிறது. அவ்விரண்டில் எதன் பங்கு பெரிது? நிறமாலையிலிருந்து இதன் Δₜ-ஐக் கணக்கிடும் முறையை அறிந்தவர்கள் படிப்படியாக விளக்கினால் உதவியாக இருக்கும்.