பொம்மையை நீக்கிய பின் உட்கழுத்து: உங்கள் அனுபவம் என்ன?

தி. நகர் பதிவர்:
சௌகார்பேட்டை மொத்த வியாபாரி ஒருவருக்காக 32 குர்த்திகளைப் பொம்மைக்கு அணிவித்துப் படமெடுத்தேன். முன்பக்கம் முடிந்தபின், உட்கழுத்துக்காக ஒவ்வொன்றையும் தெர்மாகோல் பலகையில் விரித்து மேலிருந்து எடுத்தேன். ஆளில்லாமல் துணி மட்டும் அணிந்த வடிவில் நிற்பதுபோல் தெரிய, போட்டோஷாப்பில் பென் டூலால் பொம்மையை நீக்கி, பின்கழுத்துத் துண்டை அடி லேயரில் வைத்தபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவரோ மெரூன் குர்த்தியின் கழுத்தில் விரலை வைத்து, "தம்பி, இதுக்குள்ள தலை போகுமா? மூடி போட்ட மாதிரி இருக்கே" என்றார். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அம்பத்தூர் பதிவர்:
தெர்மாகோல்தான் தவறு. துணியை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, அதே பொம்மைக்கு அணிவித்து, முதுகுப்பக்கத்தை எடுங்கள். விளக்கும் கேமரா உயரமும் மாறாததால் எல்லாம் தானாகப் பொருந்திவிடும். மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

வடபழனி பதிவர்:
நிறம் பொருந்தும், வளைவு பொருந்தாது. அப்படி எடுக்கும்போது துணி கேமராவை நோக்கிப் புடைத்து நிற்கிறது; நமக்கு வேண்டியதோ உள்வாங்கிய குழிவு. ஒரு காலர் சட்டையில் அளவுச் சீட்டு மட்டும் பளிச்சென்று முன்னால் வந்து நின்றதைப் பார்த்த பிறகு நான் அந்த முறையை விட்டுவிட்டேன். இப்போது தோள் அகலத்துக்கு வெட்டிய அட்டையில் துணியை நிமிர்த்தி மாட்டி, முன்கழுத்தைக் கீழே இழுத்து ஊசி குத்தி, முதல் படத்தின் கேமரா உயரத்திலேயே எடுக்கிறேன்.

தி. நகர் நண்பருக்கு ஒரு சொல். விரித்த துணி அணிந்த துணியைவிட அகலமாக இருப்பதால், இரு தோள் தையல்களும் முன்பக்கத் தையல்களோடு தொடும்வரை அதைக் குறுக்கி, வார்ப் கொண்டு வளையுங்கள். துண்டு முன்கழுத்து விளிம்புக்கு அடியில் சிறிது நீண்டிருக்கட்டும்; இல்லையெனில் வெள்ளைக் கீற்று தெரியும். பிறகு அந்தத் துண்டின் மேல் மட்டும் படியும்படி மல்டிப்ளை லேயர் ஒன்றைச் சேர்த்து, கருப்பால் அல்ல, துணியின் நிறத்திலேயே அடர்ந்த சாயலால், மென்மையான பிரஷ் கொண்டு நிழலிடுங்கள். முன்விளிம்பை ஒட்டி அடர்த்தியாகத் தொடங்கி மேலே போகப் போக அது கரைய வேண்டும். உங்கள் படத்தில் மூடியாகத் தெரிந்தது, நிழலே இல்லாத அந்த இடம்தான்.

பெரம்பூர் பதிவர்:
நான் வீட்டிலிருந்தே ஷிஃபான் டாப் விற்கிறேன். எனக்குக் கழுத்து சிக்கலே இல்லை. பொம்மையின் மார்பு நிறம் துணி வழியே தெரிகிறது. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அது போகவில்லை. இதற்கு என்ன செய்வது?

வடபழனி பதிவர்:
அது வெட்டிப் போவதன்று, அம்மா. துணியோடு கலந்துவிட்ட நிறம். வெள்ளைப் பொம்மையில் மீண்டும் எடுப்பதே நல்லது.

தி. நகர் பதிவர்:
மெரூன் குர்த்தியில் தோள் தையலைப் பொருத்தி நிழலிட்டவுடன் கழுத்து உள்ளே போய்விட்டது, நன்றி. ஆனால் அதே நிழல் வெள்ளை காட்டன் குர்த்தியில் வியர்வைக் கறைபோலத் தெரிகிறது. அடர்த்தியைக் குறைத்தால் மீண்டும் மூடியாகிறது. வெள்ளைத் துணிக்கு எந்தச் சாயலை எடுக்கிறீர்கள்?