மழையால் ரத்தான திருக்கல்யாணம்: டிக்கெட் பணம் உங்களுக்கு எப்படித் திரும்பி வந்தது?

மஞ்சக்குப்பம் வாசி
ஃபெஞ்சல் புயல் சமயம். 2024 டிசம்பர் 1, ஞாயிறு மாலை எங்கள் கடலூரில் திறந்தவெளி மைதானத்தில் ஸ்ரீநிவாச திருக்கல்யாணம் ஏற்பாடாகி இருந்தது. நாற்காலி டிக்கெட் 300 ரூபாய், தம்பதியாக மேடைக்கு முன்னால் உட்கார 1,500. ரெட் அலர்ட் வந்ததும் சனிக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் இந்த அறிவிப்பு:

"கனமழை காரணமாக நாளைய திருக்கல்யாணம் ரத்து செய்யப்படுகிறது. 19.1.2025 ஞாயிறு மாலை அதே இடத்தில் நடைபெறும். கையில் உள்ள டிக்கெட்டே செல்லும். வர இயலாதவர்கள் டிசம்பர் 10க்குள் பணம் திரும்பப் பெறலாம்."

பழைய டிக்கெட்டே போதும் என்று சொன்னது பெரிய நிம்மதி. ஆனால் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள் எங்கே போய், எதைக் காட்டிப் பணம் வாங்குவது என்று ஒரு வரிகூட இல்லை. சனிக்கிழமை இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திங்கள்கிழமை சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஆற்றோர ஊர்களெல்லாம் மூழ்கின. வீட்டைவிட்டு முகாமுக்குப் போனவர்கள் 10ஆம் தேதிக்குள் எப்படி வருவார்கள்? கேட்ட பிறகுதான் கடைசி நாளை மாத இறுதிவரை நீட்டித்தார்கள். உங்களுக்கு எப்படி நடந்தது?

லாஸ்பேட்டை சுந்தரி
எனக்கும் இதே மாதிரிதான். கல்யாண மண்டபத்துக்கு 20,000 அட்வான்ஸ் கட்டினோம். மழையால் கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம், அட்வான்ஸ் திரும்ப வரவில்லை. என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பம் வாசி
அக்கா, இது சாமி திருக்கல்யாண டிக்கெட் விஷயம். மண்டப அட்வான்ஸுக்குத் தனிப் பதிவு போடுங்கள், தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நெய்வேலி ராஜா
மழை இயற்கைச் சீற்றம். அதற்குப் பணம் திருப்பித் தரவேண்டிய அவசியமே இல்லை. தேதிதானே மாறியிருக்கிறது, அன்றைக்குப் போக வேண்டியதுதான்.

வில்லியனூர் பெரியவர்
ராஜா தம்பி, பாதிதான் சரி. மழைக்கு யாரும் பொறுப்பில்லை, உண்மை. ஆனால் சொன்ன நாளில் நடக்கவில்லை, புது நாளில் அவருக்கு வர வசதியில்லை. அப்போது பணத்தை வைத்துக்கொள்ள என்ன நியாயம்? 'தேதி மாறினால் பணம் திரும்பத் தரப்படாது' என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு விற்றிருந்தால்தான் வாதத்துக்கே இடம்.

நான் பல வருஷமாக இந்த மாதிரி விழாக்களில் டிக்கெட் கணக்குப் பார்க்கிறேன். அடுத்த ஞாயிறே வைத்திருக்கலாமே என்று நிறையப் பேர் கேட்பார்கள். தண்ணீர் வடிந்தாலும் களிமண் தரை லேசில் இறுகாது, பந்தல்கால் நிற்காது, நாற்காலிக் கால் உள்ளே போகும். டிசம்பர் 16 அன்று மார்கழி பிறந்துவிட்டது. இந்தப் பக்கம் மார்கழியில் திருக்கல்யாணம் வைக்கப் பலர் ஒப்புவதில்லை. அதனால்தான் தை முதல் ஞாயிறு.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைனில் வாங்கியிருந்தால், எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதற்கேதான் திரும்பும். சென்னையில் இருக்கும் மகன் தன் போனில் போட்டிருந்தால் அம்மா கணக்கில் தேடக் கூடாது. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகும். புக்கிங் கட்டணம் என்று தனியாகப் பிடித்த சின்னத் தொகை பல இடங்களில் வராது. 'அனுப்பிவிட்டோம்' என்று அவர்கள் சொல்லியும் வரவில்லையா? ரீஃபண்ட் நம்பர் கேட்டு வாங்கி வங்கியில் காட்டுங்கள், எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கவுண்டர் டிக்கெட்டுக்கு எங்களிடம் அடிக்கட்டை இருக்கும். டிக்கெட்டின் வரிசை எண்ணை அதோடு ஒப்பிட்டுத்தான் பணம் தருவோம். வெள்ளத்தில் நனைந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எண் தெரிந்தாலே போதும். பில் மாதிரி வழவழப்பான தாளில் அடித்த டிக்கெட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

முதலியார்பேட்டை கவி
எங்கள் அத்தைக்கு ஒரு போன் வந்தது. 'திருக்கல்யாண ரீஃபண்ட் அனுப்புகிறோம், ரிக்வெஸ்ட் வரும், பின் நம்பர் போடுங்கள்' என்றார்கள். அத்தை போடப் போனார், நான் பக்கத்தில் இருந்ததால் தடுத்தேன். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, போட்டால் நம் பணம்தான் போகும். விழாக்காரர்களின் அறிவிப்பிலேயே இதை ஒரு வரி சேர்க்க வேண்டும். வயதானவர்கள்தான் இந்த டிக்கெட்டை அதிகம் வாங்குகிறார்கள்.

மஞ்சக்குப்பம் வாசி
நல்ல வேளை, கவி. பெரியவரே, இன்னொன்று. என் மாமா டிக்கெட் வாங்கவில்லை, 10,000 ரூபாய் உபயமாகக் கொடுத்து, வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது வாங்கியிருக்கிறார். தை மாதம் அவர் ஊரில் இல்லை. அதைத் திருப்பிக் கேட்கலாமா?

வில்லியனூர் பெரியவர்
அது நன்கொடை, டிக்கெட் கணக்கில் வராது. ரசீதையும் கொடுத்துவிட்டார்கள் என்பதால் சிக்கல். பெயர், நட்சத்திரம் சொல்லி அவர் சார்பில் சங்கல்பம் செய்து பிரசாதம் அனுப்பச் சொல்லலாம், அதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள். பணமாகவே வேண்டுமென்றால் அந்த ரசீதை என்ன செய்வது என்று அவர்கள் ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும்.

நெய்வேலி ராஜா
உபயத்தைப் போய் யாராவது திருப்பிக் கேட்பார்களா?

மஞ்சக்குப்பம் வாசி
மாமாவும் அதைத்தான் சொல்கிறார். அத்தைதான் கேட்கச் சொல்கிறார்.