மேலே சில்லென்ற மணல், ஒரு சாண் கீழே வெதுவெதுப்பு: பாலைவன இரவு அனுபவங்கள்

லாரிக்காரன்
சவூதியில் ஹாயில் பக்கம், மார்ச் மாதம். டயர் வெடித்து ரோட்டோரம் ராத்திரி முழுக்கக் கிடந்தேன். மதியம் வண்டி மீட்டரில் 31 டிகிரி, விடியற்காலை நாலு மணிக்கு 9. இந்த இறக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இன்னும் உறுத்துவது வேற. குளிர் தாங்காமல் மணலில் உட்கார்ந்து சும்மா கையால் தோண்டினேன், மேல் மணல் தண்ணீர்ப் பானை மாதிரி சில்லென்று இருந்தது, ஒரு சாண் ஆழத்தில் வெதுவெதுப்பு. காலை உள்ளே புதைத்துக்கொண்டுதான் விடிய வைத்தேன். சூடு கீழே இருக்கும்போது மேலே ஏன் வரவில்லை?

பொட்டல்
மணல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். அவ்வளவுதான் விஷயம், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

குளிர்பதனி
பொட்டல் சொல்வது பாதி சரி. நான் ஏசி மெக்கானிக், ரியாத்திலும் துபாயிலும் வேலை பார்த்திருக்கிறேன். ரெண்டு ஊரிலும் மணல்தான், வெயிலும் கொளுத்தும். ஆனால் துபாயில் ஆகஸ்ட் ராத்திரி 30 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது, சட்டை பிழியப் பிழிய நனையும். மணல் மட்டும் காரணம் என்றால் அங்கேயும் ஆறியிருக்க வேண்டுமே?

டக்ட் வெப்பம் பார்க்கிற துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. ரியாத் மொட்டைமாடியில் ஒரு குளிர்கால ராத்திரி விளையாட்டாக அதை நேரே வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். மைனஸ் 20-க்கும் கீழே காட்டியது. கருவி கெட்டுப்போச்சு என்று நினைத்து என் கையைப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. துபாயில் புழுக்கமான ராத்திரியில் அதே கருவி வானத்துக்குப் பூஜ்ஜியத்துக்கு மேலேதான் காட்டியது. வித்தியாசம் காற்றில் இருக்கும் நீராவி. தரை ராத்திரி முழுக்க வெப்பத்தைக் கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கும். ஈரக்காற்று அதை உறிஞ்சி, ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பும். வறண்ட, மேகமில்லாத வானத்தில் அதில் பெரும்பகுதி தடையில்லாமல் வெளியே போய்விடும்.

லாரிக்காரன் அண்ணே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். காய்ந்த மணலில் பருக்கைக்குப் பருக்கை இடையில் இருப்பது காற்று, அது வெப்பத்தை லேசில் கடத்தாது. அதனால் பகல் சூடும் ஒரு சாணுக்குக் கீழே அதிகம் இறங்காது, ராத்திரி உள்ளே இருக்கும் சூடும் வேகமாக மேலே ஏறாது. மேல் தோல் மட்டும் வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும், கீழிருந்து ஈடு வராது. நீங்கள் தொட்ட வெதுவெதுப்பு, பகலும் இரவும் கலந்த சராசரி வெப்பம்.

ஜவான்
எல்லாரும் பாலைவன ராத்திரி என்றாலே நடுக்கம் என்று எழுதுகிறீர்கள். ஜெய்சல்மேரில் மூன்று வருஷம் இருந்தவன் நான். மே மாதம் பகலில் 42, ராத்திரி 27 போல இருக்கும், அதில் என்ன நடுக்கம்? ஜனவரியில்தான் விடியற்காலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். அப்புறம் புழுதிக் காற்று அடித்த ராத்திரிகளில் குளிர் குறைவு, அதைச் சென்ட்ரி டியூட்டியில் பலமுறை கவனித்திருக்கிறேன்.

குளிர்பதனி
ஜவான் அண்ணே, நீங்கள் சொல்வது சரி. எத்தனை டிகிரி குறைகிறது என்பதுதான் கணக்கு, எதில் போய் நிற்கிறது என்பது மாதத்தைப் பொறுத்தது. புழுதியும் மேகம் மாதிரி வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

நீலக்கடல்
துபாயை உதாரணம் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பக்கத்திலேயே கடல், ஆகஸ்டில் அந்தத் தண்ணீரே 30-க்கு மேல் சூடு. ராத்திரி ஆறாததற்கு ஈரம் எவ்வளவு காரணம், கடல் எவ்வளவு காரணம் என்று உங்கள் கருவி பிரித்துச் சொல்லுமா?

குளிர்பதனி
சொல்லாது. ரெண்டும் சேர்ந்துதான் வேலை செய்கிறது.

மலைச்சாமி
லடாக்கும் பாலைவனம்தானே, நான் லே போனபோது பகலிலேயே நடுங்கினேன். அப்போ வெயில் சூடே இல்லையே?

ஜவான்
தம்பி, அது 3,500 மீட்டர் உயரம். நாம் பேசுவது வேறு.

கூடாரம்
ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டில் டிசம்பரில் ஒரே ஒரு ராத்திரி, நான் வெளியே படுத்தேன், நண்பன் தார்ப்பாய்க்குக் கீழே. பக்கச்சுவர் இல்லாத வெறும் பாய். காலையில் என் போர்வை சில்லிட்டுக் கிடந்தது, அவனுடையது அப்படி இல்லை. இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காற்றுக்கு மறைவு என்று ரெண்டு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் படுக்காதீர்கள், ஆறிய காற்று கனமாகி வழிந்து அங்கேதான் தேங்கும். மேட்டின் பாதி உயரத்தில், காற்று அடிக்காத பக்கமாக இடம் பாருங்கள். தலைக்கு மேலே ஏதாவது ஒன்று கட்டுங்கள், மெல்லிய துணியானாலும் சரி, உங்கள் உடம்பு வானத்தைப் பார்க்கக் கூடாது. படுக்கும் முன் மேல் மணலை நாலு விரல் ஆழம் ஒதுக்கிவிட்டு, பாயை அடி மணல் மேல் விரியுங்கள். ரொம்பக் குளிர்வது நள்ளிரவில் இல்லை, சூரியன் கிளம்புகிற நேரத்தை ஒட்டித்தான். அதனால் கனமான போர்வையை அதற்கென்று எடுத்துவையுங்கள்.

லாரிக்காரன்
அன்றைக்கு என் கிளீனர் பையன் லாரிக்கு அடியில் படுத்து நன்றாகத் தூங்கினான். எஞ்சின் சூடு என்று நினைத்தேன். எஞ்சின் ஆறி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.