கிட்னியே வெளுப்பாக இருந்தால் ஃபேட்டி லிவரை எப்படி கிரேடு போடுவது?

வணக்கம். காரைக்குடி ஸ்கேன் சென்டரில் பார்த்த ஒரு கேஸில் உங்கள் கருத்து வேண்டும்.

58 வயது ஆச்சி. சர்க்கரை நோய் உண்டு, கிரியாட்டினின் 2.4. வலது விலா இடுக்கு வழியாக லிவரையும் கிட்னியையும் ஒரே படத்தில், ஒரே ஆழத்தில் எடுத்தோம். இரண்டும் ஒரே வெளுப்பு. நடுவில் உள்ள சைனஸ் கொழுப்பு எப்போதுமே பளிச்சென்று இருக்கும் என்பதால் கார்டெக்ஸை மட்டும்தான் ஒப்பிட்டோம். இதை வைத்து லிவர் நார்மல் என்று எழுத மனம் ஒப்பவில்லை. போர்ட்டல் வெயின் கிளைகளின் சுவர் மங்கியிருக்கிறது. டயஃப்ரம் கோடு மட்டும் தெரிகிறது.

செட்டிங் எதையும் தொடாமல் இடப்பக்கம் பார்த்தபோது கிட்னி கார்டெக்ஸ் மண்ணீரலைவிட வெளுப்பு. சாதாரணமாக மண்ணீரல்தானே வெளுப்பாக இருக்க வேண்டும்? ஆக, கிட்னியே பாதிக்கப்பட்டு வெளுத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் லிவரின் கொழுப்பு மறைந்துவிடும். மண்ணீரலோடு ஒப்பிட்டால் லிவர் தெளிவாகவே வெளுப்பு. கெயினைக் கூட்டியதால் வந்த வெளுப்பும் இல்லை. பித்தப்பைக்குள் கருப்பாகத்தான் இருக்கிறது. டிஜிசி குமிழ்கள் எல்லாம் நடுவில்.

சுவர் மங்கல், டயஃப்ரம் இரண்டையும் வைத்து கிரேடு 2 என்று எழுதலாமா? அல்லது கிரேடு போடாமல், கிட்னியோடு ஒப்பிட இயலவில்லை என்று குறிப்பிட்டு ஃபைப்ரோஸ்கேனுக்குப் பரிந்துரைப்பதுதான் சரியா? இப்படிப்பட்ட கேஸ்களில் நீங்கள் எழுதும் ரிப்போர்ட் வாசகத்தை அப்படியே போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.