மறு: மறு: செட்டியார் தெரு வீடு, பவர் பத்திரம்

செல்வி, செந்தூல்
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் தம்பி ஊருக்குப் போனபோது தெருமுனையில் ‘மல்லிகைத் தெரு’ என்று புதுப் பலகை நின்றதாம். வீட்டு வரி ரசீதும் அந்தப் பெயரிலேயே வந்ததால், அப்பா இங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவரிலும் அதையே எழுதினோம். தாய்ப்பத்திரத்தில் செட்டியார் தெரு. இரண்டும் ஒரே வீடுதானா என்று கேட்டுப் பதிவு அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். தம்பி மறுபடி போய்வரச் சங்கத்திலிருந்து 800 வெள்ளி கடனாகக் கிடைக்குமா?

மாணிக்கம், பட்டர்வொர்த்
கோயில் குளத்து வேலிக்குக் கொடுத்த 1,200 வெள்ளிக்கு இன்னும் ரசீது வரவில்லை. கணக்குப் புத்தகம் யார் வீட்டில் தூங்குகிறது என்று ஊருக்கே தெரியும். ஆதாரில் தெருப் பெயரை மாற்றினால் முடிந்தது, இதற்கு விமானம் எதற்கு?

கணேசன், கிள்ளான்
மாமா, ஆதார் ஆளைக் காட்டும், மனையைக் காட்டாது. செல்வியின் அப்பா மலேசியக் குடிமகன், அவரிடம் ஆதாரே கிடையாது. மனைக்கு அடையாளம் புல எண்ணும் நான்கு எல்லையும்தான்.

செல்வி, பவரில் உள்ள புல எண் தாய்ப்பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார். ஒத்துப்போனால், இரண்டு பெயரும் ஒரே தெருவுக்குத்தான் என்று ஊராட்சியில் கடிதம் வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அப்புறம் விற்பனைப் பத்திரத்தில் ‘முன்பு செட்டியார் தெரு, தற்போது மல்லிகைத் தெரு’ என்று இரண்டையும் எழுதச் சொல். எண்ணே தப்பென்றால் கடிதம் உதவாது, புதுப் பவர்தான். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதைக் கட்டினீர்களா?

வழிகாட்டி மதிப்பைப் பழைய பெயரிலும் தேடிப் பார். பதிவுத்துறைப் பட்டியலில் புதுப் பெயர் ஏறாதிருந்தால் தெருவே இல்லை என்பது போலத் தெரியும், பயப்படாதே.

ராஜம்மா, செந்தூல்
2014-ல் நம் ஜாலான் ஈப்போவில் ஒரு பகுதி ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆனதே, மறந்துவிட்டதா? மின்சார பில்லில் ஒரு பெயர், மைகார்டில் ஒரு பெயர், வங்கிக்கு மூன்று நடை நடந்தேன். டாக்சிக்காரர் இன்னும் ஈப்போ ரோடு என்றால்தான் வருகிறார். ஊரிலும் மைகார்டு மாற்ற வேண்டுமா?

தங்கவேலு, செராஸ்
சாதிப் பெயர்களை எடுக்கச் சொல்லி 2025 அக்டோபரில் அரசாணை வந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தெருவில் மல்லிகைச் செடியை யார் பார்த்தார்கள்? கிணற்றடிப் புளியமரத்தின் பெயரையாவது வைத்திருக்கலாம். அந்த மரத்தை வெட்டியது யார் என்று இந்தக் குழுவில் சிலருக்குத் தெரியும்.

செல்வி, செந்தூல்
கணேசன் அண்ணே, தாய்ப்பத்திரத்தில் 112/4. பவரில் 112/4பி. சித்தப்பாவோடு பாகம் பிரித்த பிறகு வந்த உட்பிரிவா, தட்டச்சுப் பிழையா? தீர்வை இன்னும் கட்டவில்லை. பவர் ஊர் போய்ச் சேர்ந்து பத்து வாரம் ஆகிறது.

மாணிக்கம், பட்டர்வொர்த்
400 தரலாம். ரசீதோடு.