'கோஆர்டினேஷன்' என்று நானே எழுதிவிட்டு, நானே படிக்காமல் மார்க் போட்ட கதை

சிப்காட்வாசி (ஓசூர்)
2023ல் நடந்தது. எங்கள் ஆலையில் இருநூறு பேர் வேலை செய்கிறார்கள். எச்.ஆர். ஜெனரலிஸ்ட் வேண்டும், ஆள் எடுப்பது, பேரோல் கோஆர்டினேஷன், தொழிலாளர் உறவு மூன்றும் பார்க்க வேண்டும் என்று விளம்பரம் எழுதியதே நான்தான். கடைசியில் இரண்டு ரெஸ்யூமே நின்றன.

பெங்களூரில் இருந்த ஒருவர் '600 பேருக்கு முழு பேரோலும் நானே போட்டேன்' என்று எழுதியிருந்தார். பர்கூர் பக்கத்துப் பெண் எழுதியது ஒரு சாதாரண வரி: '25ம் தேதி வருகைப் பதிவை மூடி, நாலு கான்ட்ராக்டர்களிடம் ஓவர்டைம் கையெழுத்து வாங்கி, ஏஜென்சிக்கு அனுப்புவேன், சம்பளம் விழுந்தபின் வரும் புகார்களை முடிப்பேன்.' பேரோலுக்குப் பத்துக்கு அவருக்கு 9, இந்தப் பெண்ணுக்கு 4 போட்டேன். சொந்தமாகச் சம்பளம் போடத் தெரியாதே என்று நினைத்தேன். எங்கள் ஆலையிலும் சம்பளம் போடுவது வெளி ஏஜென்சிதான் என்பது அப்போது மண்டையில் ஏறவே இல்லை!

பெங்களூர்க்காரரை எடுத்தோம். கணக்கில் புலி. ஆனால் நைட் ஷிப்ட் சூப்பர்வைசரைத் துரத்தி ஓவர்டைம் சீட்டு வாங்க அவருக்கு வரவில்லை, மெயில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். 25ல் மூட வேண்டியது 29 ஆனது, 7ம் தேதி சம்பளம் விழுந்தபோது 17 பேருக்கு ஓவர்டைம் காணோம். மறுநாள் காலை எல்லோரும் கேட்டில் நின்றார்கள்.

கிருஷ்ணகிரி அக்கா
பதினாலு வருஷமாக இதே வேலை. ரெஸ்யூமேவில் நான் முதலில் பார்ப்பது வினைச்சொல்லைத்தான். 'போட்டேன்', 'அனுப்பினேன்', 'சரிபார்த்தேன்' மூன்றும் மூன்று வேலை. தேதியும், யாரிடமிருந்து எது வரும் என்பதும் இருந்தால் அந்த வரியை அநேகமாக நம்பலாம், செய்யாதவருக்கு அந்த விவரம் தோன்றாது.

அதற்காக 'போட்டேன்' என்பவரைக் கேள்வி கேட்காமல் விடாதீர்கள் தம்பி. நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஏப்ரலில் 20,800 சம்பளம், ஜூலையில் 21,600 ஆகிறது, ஜூலை மாதம் இ.எஸ்.ஐ. பிடிப்பீர்களா? 21,000 வரம்பைத் தாண்டிவிட்டது, நிறுத்திவிடுவேன் என்றால் அவர் சாஃப்ட்வேரில் பட்டன் அழுத்தியவர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரே பங்களிப்புக் காலம், ஆகவே செப்டம்பர் முடிய 21,600க்கே பிடிக்க வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 162 ரூபாய். நிறுத்திவிட்டால், நடுவில் அந்தத் தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் தெரியும்.

பாலக்கோட்டான்
சரிதான் அக்கா, ஆனால் ஓவர்டைம் சேர்ந்து 21,000 தாண்டுகிறவரை அக்டோபரிலிருந்து எடுத்துவிடலாம் இல்லையா? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கிருஷ்ணகிரி அக்கா
ஐயோ, செய்யாதீர்கள். வரம்பு பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. முதலில் உங்கள் அக்டோபர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

தர்மபுரி_பையன்
எனக்கும் சொல்லுங்க அண்ணா. எம்.பி.ஏ. முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, என் பழைய கம்பெனி பி.எஃப். இன்னும் மாறவே இல்ல. இத ரெஸ்யூமேல போட்டா தப்பா நினைப்பாங்களா?

சிப்காட்வாசி (ஓசூர்)
தம்பி, பி.எஃப். மாறாதது ரெஸ்யூமேவில் வரவே வேண்டாம், அது வேறு கதை. ஆனால் பழைய வேலையில் வருகைப் பதிவைத் தொட்டிருந்தால் அதை எழுது.

பேரிகை மாமா
தொழிலாளர் உறவை விட்டுவிட்டீர்களே. என்னிடம் வரும் பத்து ரெஸ்யூமேவில் ஏழில் அந்தத் தலைப்பின் கீழே பிறந்தநாள் கேக்கும் ஓணம் கோலமும்தான். ஒரு குற்றச்சாட்டுக் கடிதம் எழுதியிருக்கிறாரா, விசாரணையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று தேடுவேன். அப்புறம் மொழி. எங்கள் ஷாப் ஃப்ளோரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் ஓடுகிறது. கடைசிப் பக்கத்தில் இருக்கும் 'தெரிந்த மொழிகள்' வரியை நான் முதலில் படிப்பேன்.

கிருஷ்ணகிரி அக்கா
மொழி விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன் மாமா. நாலு மொழி பேசி, சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று எதையுமே எழுத்தில் வைக்காமல் விட்ட ஒருவரால் ஒரு வழக்கில் நாங்கள் கைகட்டி நின்றோம்.

பேரிகை மாமா
எழுத்தைச் சொல்லிக்கொடுக்கலாம் அம்மா. ஆறு மாதத்தில் தெலுங்கு சொல்லிக்கொடுக்க முடியுமா?

சிப்காட்வாசி (ஓசூர்)
அந்தப் பர்கூர்ப் பெண்ணுக்குத் தெலுங்கு தெரியும், அதையும் கவனிக்கவில்லை. நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டேன். 'வேற இடத்துல சேர்ந்துட்டேன் சார்' என்றார்.