டிஃபர்ட் இன்கம்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், பிரிக்பீல்ட்ஸ்

வணக்கம். கணக்கு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும். திரையில் `Deferred Income` என்று வரும் ஒரே தலைப்பில் மூன்று நாளாக நிற்கிறேன். 'ஒத்திவைக்கப்பட்ட வருமானம்' எனக்கு ஒட்டவில்லை. ஒத்திவைப்பது கூட்டத்தையும் வழக்கையும். இங்கே பணம் கைக்கு வந்தாயிற்று. ஒருவர் அக்டோபர் 1-ஆம் தேதி ஆண்டுச் சந்தா 1,200 ரிங்கிட்டை மொத்தமாகக் கட்டுகிறார். விற்றவர் அதை மாதம் 100 ரிங்கிட்டாகத்தான் வருவாயில் சேர்க்க வேண்டும். மீதி இருக்கும் இடத்துக்கு என்ன பெயர்?

மளிகைக் கடைக்காரர், பட்டர்வொர்த்

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கடைக் காப்புறுதியை ஆண்டுக்கு ஒரு தடவை கட்டுகிறேன். என் கணக்காளர் அதை 'முன்செலுத்திய செலவு' என்று போடுகிறார். அதையே போடுங்கள்.

கணக்காளர், ஜார்ஜ் டவுன்

அண்ணே, அது கட்டியவர் பக்கம். உங்களுக்கு அது சொத்து, பணத்தை வாங்கியவருக்கு அது பொறுப்பு. தம்பி கேட்பது வாங்கியவர் பக்கத்தை. டிசம்பர் 31-இல் கணக்கை முடிக்கும்போது மூன்று மாதச் சேவை முடிந்திருக்கும், 300 வருவாய். மீதி 900 இன்னும் செய்ய வேண்டிய வேலை. 8 விழுக்காடு சேவை வரி வாங்கினால் அந்த 96 ரிங்கிட் இதில் சேராது. அது சுங்கத்துறைக்குப் போக வேண்டிய பணம்.

பெயரில் 'வருமானம்', 'வருவாய்' என்று இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. என் வாடிக்கையாளர் ஒருவர் 1,200-ஐயும் அக்டோபரிலேயே வருவாயில் போட்டுவிட்டார். அந்த மாதம் கொழுத்த லாபம். ஜனவரியில் ஒருவர் சந்தாவை ரத்து செய்து மீதியைக் கேட்டபோது, கணக்கில் அதற்கென்று ஒரு காசும் ஒதுக்கி இருக்கவில்லை. நான் மாதக் கடைசியில் ஒரு வேலை செய்வேன். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் எத்தனை மாதம் பாக்கி என்று எண்ணி, மாதத் தொகையால் பெருக்கிக் கூட்டுவேன். அந்தக் கூட்டுத்தொகை இந்தக் கணக்கின் இருப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு மாதம் மாற்றாமல் விடுபட்டிருக்கும், அல்லது ரத்தான சந்தா ஒன்று உள்ளேயே கிடக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செந்தூல்

கணக்காளர் அம்மா சொன்னதைக் கேட்டதும் அப்பர் நினைவுக்கு வந்தார்: 'என் கடன் பணி செய்து கிடப்பதே.' கடன் என்றால் திருப்பித் தரவேண்டிய பணம். செய்ய வேண்டிய கடமையும் அதுவே. இந்த 900 பணத்தால் அல்ல, பணியால் தீரும் கடன். 'பணிக்கடன்' என்று வைத்தால் பொருள் முழுதும் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடும். மாதந்தோறும் பிரிப்பதற்கு 'வகுத்தல்' இருக்கிறது. 385-ஆம் குறளில் ஈட்டலும் வகுத்தலும் ஒன்றாகவே வருகின்றன.

மொழிபெயர்ப்பாளர்

ஐயா, மிக அழகான சொல். ஆனால் கடை எழுத்தர் 'பணிக்கடன்' என்று பார்த்தால் ஊழியருக்குக் கொடுத்த கடன் என்றுதான் நினைப்பார். 'முன்பெறு வருவாய்' சரியாக வருமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'பெறு வருவாய்' வினைத்தொகை. காலம் கரந்து நிற்கும். பெற்ற வருவாய், பெறும் வருவாய் இரண்டுக்கும் அது பொருந்தும்.

கணக்காளர்

அது பெரிய ஆபத்து. 'பெறும்' என்று படித்தால் இனிமேல் வரவேண்டிய பணம் ஆகிவிடும். நேர் எதிர்க் கணக்கு! பெறு வேண்டாம், பெற்ற என்றே இருக்கட்டும்.

படிவம் ஐந்து கணக்கியல் ஆசிரியை, கிள்ளான்

எங்கள் மாணவர்கள் மலாயில் 'ஹாசில் பெலும் தெர்பெரோலே' என்று படிக்கிறார்கள். 'பெலும்' என்றால் 'இன்னும் இல்லை'. அதனால் 'இன்னும் ஈட்டாத வருவாய்' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். அந்த 'இன்னும்' மிக அவசியம். 'ஈட்டா வருவாய்' என்று சுருக்கினால் எப்போதும் ஈட்டாதது போல ஒலிக்கிறது.

கணக்காளர்

டீச்சர் சொன்னது பொருளுக்கு நெருக்கம். ஆனால் 'ஈட்டாத' என்று எழுதியதால் வரி இப்போது இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சேவைக்கு முன்கூட்டி வாங்கிய பணத்தை, வாங்கிய ஆண்டின் வருமானமாகவே வருமான வரிச் சட்டத்தின் 24(1A) பிரிவு எடுத்துக்கொள்கிறது. கணக்கேடு ஒரு வழி, வரிக் கணக்கு ஒரு வழி. அதனால்தான் 'முன்பெற்ற சந்தா' போதும் என்கிறேன். நடந்ததை மட்டும் சொல்கிறது.

மளிகைக் கடைக்காரர்

அப்படியானால் அட்வான்ஸ் என்றே போடலாமே. எல்லாருக்கும் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்

அண்ணே, சம்பள அட்வான்ஸ், வீட்டு அட்வான்ஸ் எல்லாம் அதே பெயரில் வந்து குழம்பிவிடும். 'முன்பெற்ற சந்தா'வும் எல்லா இடத்திலும் பொருந்தாது. பராமரிப்பு ஒப்பந்தப் பணமும் இதே தலைப்பில்தான் வருகிறது.

சரி, நேரமாகிவிட்டது. 'பெறு' என்பதை 'பெற்ற' என்று மாற்றி இப்படி அனுப்புகிறேன்:

```
deferred_income = "முன்பெற்ற வருவாய்"
release_month = "இம்மாத வருவாய்க்கு மாற்று"
```

விளக்கக் குறிப்பில் 'இன்னும் ஈட்டாதது. பொறுப்பாகக் காட்டவும்' என்று சேர்த்திருக்கிறேன்.

கணக்காளர்

அனுப்புங்கள் தம்பி. 'வருவாய்' என்ற சொல் அங்கே இருக்கும்வரை என் எதிர்ப்பும் இருக்கும். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பணிக்கடனை நான் இன்னும் விடவில்லை. 'கடப்பாடு' என்ற சொல்லிலும் அதே 'கட' இருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.